ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை துளை, எத்தனை லீற்றர்?

கேள்வி: "வெள்ளவத்தையில எங்கட பழைய வீடு. ஹோல் சுவர் 9 அங்குலம், 22 அடி நீளம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இடுப்பளவுக்கு ஈரம் ஏறி பெயின்ற் உரியுது. டி.பி.சி. ஊசி போட ரெண்டு பேரிட்ட விலை கேட்டன். ஒருத்தர் 6 அங்குலத்துக்கு ஒரு ஓட்டை, மீற்றருக்கு 3 லீற்றர், மொத்தம் 20 லீற்றர் மருந்து எண்டார். மற்றவர் ஒண்டரை லீற்றர் கிறீம் போதும் எண்டார். ஆர் சொல்லுறது சரி?"

டி.பி.சி. என்பது நிலத்து ஈரம் மேலே ஏறாமல் சுவருக்குக் குறுக்கே இடும் தடுப்புப் பட்டை; அதைத் துளை போட்டு மருந்து செலுத்தி உண்டாக்குவதுதான் ஊசி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் பற்றி. ஒன்று தண்ணீர்போல ஓடும் திரவம், மற்றது தயிர்போல நிற்கும் கிறீம். இரண்டுக்கும் லீற்றர்க் கணக்குப் போடும் வழியே வேறு. கொழும்பில் பழைய கட்டடங்களைத் திருத்தும் வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் இரண்டு கணக்கையும் உங்கள் சுவரை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். யாருக்கு வேலையைக் கொடுத்தாலும், வந்து நிற்கும் மேசன் சரியாகத்தான் செய்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மருந்துகள் சுவருக்குள் என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் எண்கள் தாமாக விளங்கும். செங்கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. நிலத்து ஈரம் அவற்றின் வழியே மேலே இழுபட்டு ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் மயிர்த்துளை எழுகை என்று படித்தது இதுதான். நாம் செலுத்தும் சிலேன், சிலொக்சேன் வகை மருந்து அந்தத் துளைகளை அடைப்பதில்லை. அவற்றின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. படலம் ஒட்டிய துளை தண்ணீரை இழுக்காது. ஆவி மட்டும் போய்வரும். ஆகவே தேவைப்படுவது சுவரின் நீளம் முழுவதும், தடிப்பு முழுவதும், இடையில் எங்கும் அறாத ஒரு கிடையான பட்டை. இரண்டு துளைகளுக்கு நடுவே மருந்து சேராத ஒரு துண்டு இருந்தால் தண்ணீர் அந்த வழியால் ஏறிவிடும்.

ஈரம் ஏறுவதில் சாந்துக்குத்தான் பெரிய பங்கு. செங்கற்களைச் சுற்றி அறாமல் தொடர்ந்து போவது சாந்து மட்டுமே. ஒவ்வொரு செங்கல்லும் சாந்துக்குள் தீவுபோலக் கிடக்கிறது. ஒரே ஒரு கிடையான சாந்து வரியை முழுக்க மருந்தாக்கிவிட்டால் கீழ்ச் செங்கல்லிலிருந்து மேற்செங்கல்லுக்குப் போகும் பாதை அறுந்துவிடும். கிறீம் முறை முழுவதும் இதை நம்பியே நிற்கிறது. அதனால்தான் கிறீமுக்குச் செங்கல்லில் துளை போடுவதில்லை, சாந்து வரியில் போடுகிறோம்.

முதலில் கிறீம் கணக்கு. வழமையான அளவு 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை, துளைக்குத் துளை 120 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளி. ஆழம் எதிர்ப்பக்க முகத்துக்கு ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் முன்னால் நிற்க வேண்டும். பூச்சை நீக்கினால் உங்கள் 9 அங்குலச் சுவர் 220 முதல் 230 மில்லிமீற்றர் இருக்கும். ஆகவே துளையின் ஆழம் 190 மில்லிமீற்றர். 12 மில்லிமீற்றர் துளையின் குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மில்லிமீற்றர். அதை 190ஆல் பெருக்கினால் ஒரு துளை கொள்ளும் அளவு வரும்: 21.5 மில்லிலீற்றர். 120 மில்லிமீற்றருக்கு ஒன்று என்றால் மீற்றருக்கு எட்டே கால் துளை சொச்சம். ஆக மீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிலீற்றர். கிறீமில் லீற்றர்க் கணக்கு என்பது துளைகளின் கொள்ளளவுதான். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. உற்பத்தியாளர்களின் அட்டவணைகளில் 9 அங்குலச் சுவருக்கு 10 மீற்றருக்கு 1.8 லீற்றர் என்று நீங்கள் பார்ப்பதும் இதே பெருக்கலின் விடைதான். நாலரை அங்குலச் சுவரென்றால் துளையின் ஆழம் 100 மில்லிமீற்றராகி இதில் ஏறக்குறைய பாதி போதும்.

உங்கள் 22 அடி என்பது 6.7 மீற்றர். 120 மில்லிமீற்றருக்கு ஒன்று வைத்து முதலிலும் முடிவிலும் துளை வரும்படி எண்ணினால் 57 துளைகள். 57 துளைகளுக்கு 1.2 லீற்றருக்குச் சற்றுக் கூட. பழைய சுண்ணாம்புச் சாந்தில் உள்ளே பொந்துகள் இருக்கும், குழாயிலும் கொஞ்சம் ஒட்டி வீணாகும். நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 1.4 லீற்றர். ஒண்டரை லீற்றர் என்று சொன்னவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

இப்போது திரவத்தின் கணக்கு. திரவம் துளைக்குள் நிற்காது. பம்ப் அழுத்தத்தில், அல்லது போத்தலைக் கவிழ்த்து வைத்துத் தன் பாரத்தால், சுவருக்குள் ஊறிப் பரவ வேண்டும். ஆகவே இங்கே கணக்கிட வேண்டியது சுவரின் நுண்துளைகளின் கொள்ளளவு. ஒரு செங்கல் வரிசையின் உயரமான 75 மில்லிமீற்றருக்கு ஒரு பட்டை நனைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு மீற்றர் நீளத்துக்கு அந்தப் பட்டை 17 லீற்றர் கனவளவு. பழைய செங்கல்லிலும் சாந்திலும் நாலில் ஒரு பங்கு வெற்றிடம் என்று எடுத்தால் நாலே கால் லீற்றர். அதில் பாதியை ஏற்கெனவே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கு மிச்சமிருப்பது இரண்டு லீற்றர் சொச்சம். ஆகவே இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில் நிற்கும் மீற்றருக்கு 3 லீற்றர் என்பதும் நியாயமான எண்தான். 6.7 மீற்றருக்கு 20 லீற்றர்.

இரண்டு அளவுகளுக்கும் இடையே பதினைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். பாவனைக்குத் தயாராக வரும் திரவத்தில் வேலை செய்யும் பொருள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் வைற் ஸ்பிரிற் போன்ற கரைப்பான் அல்லது தண்ணீர். நல்ல கிறீமில் அது நூற்றுக்கு 60 முதல் 80 வரை. 3 லீற்றர் திரவத்தில் 150 மில்லிலீற்றர் மருந்து, 180 மில்லிலீற்றர் கிறீமில் 110 முதல் 145 மில்லிலீற்றர் மருந்து. சுவருக்குள் போய்ச் சேரும் உண்மையான மருந்து கிட்டத்தட்ட ஒரே அளவு. நீங்கள் இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: செயற்பொருள் நூற்றுக்கு எவ்வளவு? அதை அச்சிட்ட தரவுத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். நூற்றுக்குப் பத்து, பதினைந்து மட்டுமே உள்ள மலிவான கிறீம்களும் சந்தையில் உண்டு. அவற்றை அதே 12 மில்லிமீற்றர் துளைக்குள் அதே அளவு நிரப்பினால் தேவையான மருந்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சேராமல் போகலாம். லீற்றர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட்டால் அது தெரியவே தெரியாது.

முதலாமவர் சொன்ன 6 அங்குல இடைவெளி பம்பு முறையிலிருந்து வந்த பழக்கம். அழுத்தத்தில் திரவம் செங்கல்லுக்குள் தூரம் போகும் என்பதால் அங்கே 150 மில்லிமீற்றர் அளவில் துளை போடுவது வழக்கம். ஆனால் அழுத்த முறையில் 9 அங்குலச் சுவரை ஒரே தடவையில் முடிக்க முடியாது. முதலில் நாலு அங்குலத்துக்குள் துளைத்து முன்பாதியை நனைக்க வேண்டும். பிறகு அதே துளையை எட்டு அங்குலம்வரை ஆழமாக்கி பின்பாதியை நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியே செலுத்த வேண்டும். முதலாமவரிடம் இதைக் கேளுங்கள். "ஒரே ஆழந்தான்" என்று பதில் வந்தால் பாதிச் சுவர் நனையாமல் விடப்படும். மருந்து தரையில் வழிந்தாலும் 20 லீற்றர் முடிந்ததாகவே கணக்கில் வரும்.

கிறீம் போடுகிறவர் இந்த 6 அங்குலத்தைக் கடன் வாங்கினால் அது பிழை. கிறீமுக்குப் பின்னால் அழுத்தம் கிடையாது. துளைக்குள்ளிருந்து சில வாரங்களில் தானாகக் கரைந்து ஊறித்தான் பக்கத்துத் துளையின் மருந்தைச் சந்திக்க வேண்டும். 120 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒவ்வொரு பக்கமும் 60 மில்லிமீற்றர் ஊறினால் போதும். 150 என்றால் 75 ஊற வேண்டும், மருந்தோ மீற்றருக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்து என்பதால் நான் 100 மில்லிமீற்றருக்கு ஒன்று என்றே போடச் சொல்வேன். மீற்றருக்கு 10 துளை, 215 மில்லிலீற்றர். கூடுதற் செலவு கொஞ்சம்தான்.

சுண்ணாம்புச் சாந்து என்றதும் நான் ஏன் இடைவெளியைக் குறைக்கிறேன் என்றால், சிலேன் உறுதியாகப் பிணைவது மணல், செங்கல் போன்ற சிலிக்காப் பொருள்களோடுதான். சுண்ணாம்போடு அதன் பிணைப்பு பலவீனம். சாந்தில் மணல் இருப்பதால் வேலை நடக்கும். ஆனால் மணல் குறைந்து சுண்ணாம்பு மிகுந்த சாந்தில் எவ்வளவு நன்றாக நடக்கும் என்பது சந்தேகத்துக்குரிய இடம். அதோடு புதிய சீமெந்தின் காரத்தன்மை மருந்தின் தாக்கத்தை விரைவாக்கும். பல பத்தாண்டுகள் காற்றுப்பட்டு முதிர்ந்த சுண்ணாம்பில் அந்தக் காரம் போய்விட்டதால் மருந்து இறுகுவதற்குக் கூடுதல் காலம் எடுக்கும். தண்ணீர் நிறைந்து நிற்கும் சுவரில் திரவ மருந்து சீராகப் பரவாது என்பதும் உண்மை. எதிர்ப்புக் குறைந்த வழிகளில் விரல்விரலாக ஓடி, இடையில் நனையாத இடங்களை விட்டுவிடும். அதனால் இந்த வேலைக்குக் கொழும்பில் நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒக்ரோபர், நவம்பர் மழையிலும் மே மாதத்து முதல் மழையிலும் நிலம் நிரம்பி இருக்கும்போது தொடங்க வேண்டாம்.

துளை போடும் அன்று நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டியது ஆழத்தைத்தான். இடைவெளியை வேலை முடிந்த பிறகும் அளக்கலாம், ஆழத்தைச் சாந்து பூசி மூடியபின் யாராலும் அளக்க முடியாது. ட்ரில் அலகில் 190 மில்லிமீற்றரில் வண்ண நாடா சுற்றச் சொல்லுங்கள். பத்துத் துளைக்கு ஒன்றைக் கம்பி விட்டு அளந்து பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஆகவே சுத்தியல் அடியை நிறுத்தி வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும். அடி கொடுத்தால் துளை விரிந்து மேலே செங்கல்லுக்குள் ஏறிவிடும். வெளிவரும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். சாந்தின் வெளிர்நிறத்தில் வந்துகொண்டிருந்தது சிவப்பாக மாறினால் அலகு சாந்து வரியை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். துளைக்குள் தூளை விட்டுவிட்டு நிரப்பினால் மருந்தைத் தூளே குடித்துவிடும், ஆகவே காற்றடித்து வெளியேற்ற வேண்டும். நிரப்பும் குழாயைத் துளையின் அடிவரை விட்டுப் பின்னோக்கி இழுத்தபடி நிரப்ப வேண்டும். வாயிலிருந்து உள்ளே தள்ளினால் நடுவில் காற்று அடைபட்டு நிற்கும். ஒரு துளை 20 மில்லிலீற்றருக்குப் பதில் 50, 60 என்று வாங்கிக்கொண்டே போனால் உள்ளே பொந்து இருக்கிறது. அந்தத் துளையை விட்டு ஓரங்குலம் தள்ளிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பொந்துக்குள் கொட்டிய மருந்து ஊற வேண்டிய இடத்துக்குப் போகாது. கரைப்பான் கலந்த திரவமென்றால் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரியில் துளைப்பது என்பது லீற்றரைவிட முக்கியம். வெளி நிலமட்டத்துக்கு மேலே குறைந்தது 150 மில்லிமீற்றர் உயரத்தில், உள்தரைக்கு முடிந்தவரை கிட்ட உள்ள சாந்து வரியைத் தெரிய வேண்டும். வெள்ளவத்தையில் எனக்குப் பெரிய கவலை இதில்தான். ஒழுங்கைகளுக்குத் தார்மேல் தார் போட்டும், முற்றத்துக்குக் கொன்கிறீற்றும் ரைல்சும் பரப்பியும் பல வீடுகளில் வெளிமட்டம் உள்தரைக்குச் சமமாகவோ மேலேயோ வந்துவிட்டது. அப்படியானால் துளை வரி உள்ளே முழங்கால் உயரத்துக்குப் போய்விடும். அதற்குக் கீழே உள்ள சுவர் ஈரமாகவே இருக்கும், எவ்வளவு மருந்து போட்டாலும் அது மாறாது. பக்கத்திலிருந்து மண் நேராகத் தள்ளும் ஈரத்தை இந்தப் பட்டை தடுக்காது. முதலில் சுவரோரத்து முற்றத்தை ஓரடி அகலத்துக்கு வெட்டி இறக்க முடியுமா என்று பாருங்கள். அதோடு கூரைப்பீலியின் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவருக்குள் பழைய பைப் ஏதும் போகிறதா என்றும் பாருங்கள். இவற்றைத் திருத்தியதோடு ஊசியே தேவைப்படாமல் போன சுவர்கள் உண்டு.

உண்மையிலேயே நிலத்திலிருந்துதான் ஈரம் ஏறுகிறதா என்பதைக் கையில் பிடிக்கும் ஈரமானியால் தீர்மானிக்க வேண்டாம். அது மின்சாரம் கடத்துவதை அளக்கிறது. உப்பு படிந்த சுவர் காய்ந்திருந்தாலும் கடத்தும். இதைவிட நம்பத்தக்க சோதனையை வீட்டிலேயே செய்யலாம், பி.எஸ். 6576 என்ற பிரித்தானிய நியமத்தின் வழியில் வேலை செய்பவர்களும் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். தரையிலிருந்து ஓரடி, இரண்டடி, மூன்றடி, ஐந்தடி உயரங்களில் சாந்து வரியில் மெதுவாகத் துளைத்து, முதல் ஓரங்குலத் தூளை வீசிவிட்டு உள்ளிருந்து வரும் தூளில் 20 கிராம் அளவு உடனே மூடிய போத்தலில் எடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுங்கள். 105 பாகை அவணில் நிறை மாறாமல் நிற்கும்வரை காயவைத்துத் திரும்ப நிறுங்கள். 20 கிராம் 18 ஆனால் ஈரம் நூற்றுக்குப் பத்து. கீழே அதிகமாகி, மேலே போகப்போகப் படிப்படியாகக் குறைந்து ஐந்தடியில் இரண்டு மூன்றாகிவிட்டால் நிலத்து ஈரம் என்று நம்பலாம். எல்லா உயரத்திலும் ஒரே அளவு வந்தாலோ நடுவில் ஓரிடம் மட்டும் உயர்ந்தாலோ காரணம் வேறு.

காய்ந்த அந்தத் தூளை வீசிவிடாதீர்கள். கறியுப்பைத் தண்ணீரில் கரையாமல் மிச்சம் நிற்குமளவு கரைத்து ஒரு மூடிய பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 75இல் நிற்கும். அதற்குள் தூளைத் திறந்த தட்டில் ஒரு வாரம் வைத்து மறுபடி நிறுங்கள். அது திரும்பப் பிடித்த ஈரம், உப்பின் காரணமாகக் காற்றிலிருந்து வந்தது. முதல் அளவிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம்தான் நிலத்திலிருந்து வந்த தண்ணீர். சுவரில் பத்து இருந்து, தூள் காற்றிலிருந்து எட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் உப்பு. டி.பி.சி. ஊசியால் அது தீராது.

கொழும்பில் இந்த உப்பு விஷயம்தான் நல்ல வேலையையும் கெட்ட பெயர் எடுக்க வைக்கிறது. கறியுப்பு 75 வீதத்துக்கு மேற்பட்ட சாரீரப்பதனில் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். நிலத்திலிருந்து ஏறும் நைத்திரேற்று உப்புகளில் சில அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே கரையும். நம்முடைய காற்று ஆண்டின் பெரும்பகுதியில், இரவுகளில் நிச்சயமாக, 75ஐத் தாண்டியே நிற்கிறது. கடற்கரையோரமான வெள்ளவத்தையில் கடல் உப்பும் சேரும். பல பத்தாண்டுகளாக ஏறிய ஈரம் கொண்டுவந்த உப்பு முழுவதும் இப்போது பூச்சில் குவிந்து கிடக்கிறது. மருந்து நூறு வீதம் பலித்து நிலத்து ஈரம் நின்றுவிட்டாலும், பழைய பூச்சை வைத்துக்கொண்டு மேலே பெயின்ற் அடித்தால் சுவர் தொடர்ந்து வியர்க்கும். வீட்டுக்காரர் மருந்து பொய் என்பார், கொந்தராத்துக்காரர் இன்னொரு தடவை ஊசி போடலாம் என்பார். ஈரம் தெரியும் கடைசிக் கோட்டுக்கு மேலே ஓரடிவரை, எப்படியும் ஒரு மீற்றருக்குக் குறையாமல், பூச்சை முழுக்கத் தட்டி எடுத்து வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விலைக் கணிப்பில் இந்த வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத கணிப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு அது பாதி வேலை.

திரும்பப் பூசுவதில் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நீர்த்தடுப்பு மருந்து கலந்த ஒன்றுக்கு மூன்று சீமெந்துப் பூச்சை உடனே போட்டுவிடுவது பொதுவான முறை. உப்பை வெளியே வரவிடாது என்பது அதற்குச் சொல்லும் காரணம், அது உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சு ஊசி பலித்ததா இல்லையா என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. பலிக்காவிட்டால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் ஏறி மூன்றடியில் வந்தது ஐந்தடியில் வெளிப்படும். என் விருப்பம், முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுவதும் செங்கல் தெரிய விட்டுவிடுவது. ஹோலில் அது அழகாக இராது என்பது தெரியும், சுவருக்கு முன்னால் ஒரு அலுமாரியைத் தள்ளி வைத்தாவது பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்றுமணல் என்ற மென்மையான பூச்சு. கடல்மணல் வேண்டவே வேண்டாம். பூச்சின் அடி விளிம்பைத் தரைக்கு ஓரங்குலம் மேலே நிறுத்தி இடைவெளியைச் சுவரடிப் பலகையால் மறையுங்கள். பூச்சு தரையைத் தொட்டால் ஈரம் பட்டையைத் தாண்டி அதன் வழியே ஏறும்.

காய்வதற்கு எவ்வளவு காலம் என்றால், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது நல்ல காற்றோட்டமுள்ள சுவருக்கான பழைய கணக்கு. உங்கள் சுவருக்கு ஒன்பது மாதம். கொழும்பின் ஈரக்காற்றில் அதைவிடக் கூடும், எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பலித்ததா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல், அதே நாலு உயரங்களில் பழைய துளைக்குப் பக்கத்தில் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் தூள் எடுத்து நிறுங்கள். கழித்து வரும் எண் இறங்கிக்கொண்டு போனால் பட்டை வேலை செய்கிறது. ஓரடியில் இறங்காமல் அப்படியே நின்றால் துளை வரியில் எங்கோ இடைவெளி உண்டு. கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை இந்த ஆறு மாத அளவு வரும்வரை நிறுத்தி வைக்க முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செங்கல் சுவருக்கு. பூச்சைத் தட்டும்போது உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் பொத்தல் பொத்தலான கபுக் கல் வந்தால் வேலையை நிறுத்துங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் முன்சுவர் செங்கல்லாகவும் உட்சுவர் கபுக் கல்லாகவும் இருப்பது உண்டு. அந்தக் கல்லின் பெரிய பொத்தல்களில் திரவம் ஓடிப்போய்விடும். கிறீமைச் சாந்து வரியில் போடலாம், ஆனால் வரி நேராக இராது, சில இடங்களில் கல்லும் கல்லும் நேரே தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கல்லுக்கு, முன்பு நான் சொன்ன லீற்றர்க் கணக்கை நம்பி யாரும் உத்தரவாதம் தர முடியாது. வெளிமட்டத்தை இறக்குவதும் மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சும்தான் அங்கே காசுக்குப் பெறுமதி.

உங்கள் கணக்கில் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். ஹோல் சுவரின் இரண்டு முனைகளும் வேறு சுவர்களில் போய் முட்டுகின்றன. அவற்றுக்கு ஊசி போடாவிட்டால் அவற்றில் ஏறிய ஈரம் பக்கவாட்டில் உங்கள் சுவருக்குள் வரும். அதைத் தடுக்க இரண்டு மூலைகளிலும் நிலைக்குத்தாக 1.2 மீற்றர் உயரத்துக்கு, ஒவ்வொரு சாந்து வரியிலும் ஒரு துளையாக, முனைக்குப் பதினாறு துளைகள் போட வேண்டும். 100 மில்லிமீற்றர் இடைவெளியில் கிடைவரிக்கு 68 துளைகள், மூலைகளுக்கு 32, ஆக 100 துளைகள். துளைக்கு 21.5 மில்லிலீற்றர் என்றால் 2.15 லீற்றர், வீணாவதற்குப் பதினைந்து வீதம் சேர்த்தால் இரண்டரை லீற்றர். 600 மில்லிலீற்றர்ப் பொதியில் ஐந்து வாங்குங்கள், திறக்காமல் மிஞ்சுவதைத் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் முதலே கேட்டு வையுங்கள்.